டைரக்ட்எக்ஸ் 11, 12, வல்கன்: கேம் திணறும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் டைரக்ட்எக்ஸ் 11, டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்று திரையில் படத்தை வரையும் ரெண்டரர் மூன்று இருந்தால் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: ஒன்றைப் போடுவார்கள், ஐந்து நிமிடம் விளையாடுவார்கள், ஸ்டட்டர் வந்தால் அடுத்ததுக்கு மாறுவார்கள். இந்த முறையில் சரியான விடை கிடைக்காது, ஏனென்றால் டைரக்ட்எக்ஸ் 12-ம் வல்கனும் புதிதாகப் போட்ட முதல் சில நிமிடங்களில்தான் மிக மோசமாக நடந்துகொள்ளும். அதே இடத்துக்கு இரண்டாவது முறை போய்ப் பார்க்காமல் எந்த ரெண்டரரையும் ஒதுக்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டாவது சுற்றைச் சுற்றித்தான் போகிறது.

முதலில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்

டைரக்ட்எக்ஸ் 11 வந்தது 2009-ல். அதில் கேம் "இதை வரை" என்று சொன்னால் போதும், கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் எதை எங்கே வைப்பது, எந்த வேலை முடிந்த பிறகு எதைத் தொடங்குவது, பொருளின் தோற்றத்தைக் கணக்கிடும் சிறு நிரலான ஷேடரை எப்போது கார்டின் மொழிக்கு மாற்றுவது என்பதையெல்லாம் டிரைவர் பின்னணியில் பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் டிரைவர் செய்வதற்கு ஒரு விலை உண்டு: வரையும் கட்டளைகளில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே த்ரெட் வழியாகத்தான் போகும். திரையில் ஆயிரக்கணக்கான பொருட்கள் சேர்ந்தால் அந்த ஒரு கோர் மூச்சுத் திணறும், மற்ற கோர்கள் சும்மா இருக்கும்.

2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-ம் 2016-ல் வந்த வல்கனும் இந்தப் பொறுப்பில் பெரும்பகுதியை டிரைவரிடமிருந்து எடுத்து கேமிடம் கொடுத்துவிட்டன. பல கோர்கள் ஒரே நேரத்தில் கட்டளைகளைத் தயார் செய்யலாம், அதனால் கூட்டமான காட்சிகளில் பெரிய லாபம். ஆனால் நினைவகத்தைக் கணக்குப் பார்ப்பதும், ஷேடரை முன்கூட்டியே தயார் செய்வதும் இப்போது கேமை எழுதியவரின் வேலை. அவர் அதைச் சரியாகச் செய்திருந்தால் பதினொன்றைவிட நன்றாக ஓடும், செய்யாவிட்டால் அதைவிட மோசமாக ஓடும். ஆகவே "பன்னிரண்டு புதுசு, அதனால் நல்லது" என்பதும் தப்பு, "பதினொன்றுதான் எப்போதும் ஸ்மூத்" என்பதும் தப்பு. கேமுக்குக் கேம் விடை மாறும்.

ஸ்டட்டருக்கு அதிகம் காரணமாவது இந்த ஷேடர் விஷயம்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பன்னிரண்டிலும் வல்கனிலும் ஒரு பொருளை வரையும் முன் அதன் ஷேடர்கள், கலப்பு முறை, ஆழச் சோதனை என்று எல்லா அமைப்பும் சேர்ந்த ஒரு பைப்லைன் தயாராக இருக்க வேண்டும். ஒரு பெரிய கேமில் இப்படி ஆயிரக்கணக்கான சேர்க்கைகள் வரும். ஒவ்வொன்றையும் உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்றபடி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். சில கேம்கள் மெனுவிலேயே "ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு பட்டையைக் காட்டி முடித்துவிடுகின்றன. சில கேம்கள் அதைச் செய்யாமல், முதல் முறை வெடிப்பு ஒன்று திரையில் வரும் அந்த நொடியில் கம்பைல் செய்ய ஆரம்பிக்கும், அது முடியும்வரை அந்த ஃபிரேம் காத்து நிற்கும். நமக்குத் தெரிவது ஒரு வெட்டு. ஒருமுறை கம்பைல் ஆனது டிஸ்கில் கேஷாகச் சேர்ந்துவிடுவதால், அதே வெடிப்பு அடுத்த முறை வரும்போது அந்த வெட்டு இருக்காது.

அளக்காமல் தொடங்க வேண்டாம்

எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்டட்டர் தெரியாது. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் வேகமாக வந்து ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லிசெகண்ட் எடுத்தால் சராசரி அசையவே அசையாது, ஆனால் கண் உடனே பிடித்துவிடும். பார்க்க வேண்டியது ஃபிரேம் டைம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் சுமார் 6.9.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டால் அதோடு ரிவாட்யூனரும் வரும், இரண்டும் இலவசம். செட்டிங்ஸில் Monitoring பகுதிக்குப் போய் Frametime என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, Show in On-Screen Display என்பதை டிக் செய்து, பக்கத்தில் text என்று இருப்பதை graph என்று மாற்றுங்கள். இனி கேம் ஓடும்போது மூலையில் ஒரு கோடு ஓடும். கோடு தட்டையாக இருந்தால் ஸ்மூத், ஊசிபோல் மேலே குத்தினால் அதுதான் ஸ்டட்டர். கூடவே கார்டின் பயன்பாடு, கார்டின் நினைவகம், பிராசசரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு ஆகியவற்றையும் டிக் செய்யுங்கள். மொத்த பிராசசர் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஆறு கோரில் ஒன்று மட்டும் முழுசாக நிரம்பியிருந்தாலும் மொத்தம் சின்ன எண்ணாகத்தான் காட்டும், "பிராசசர் சும்மாதானே இருக்கு" என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

சோதனைப் பாதை

கேமில் இரண்டு மூன்று நிமிடம் ஓடக்கூடிய ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஒரு கூட்டமான இடம், விளைவுகள் நிறைய வரும் ஒரு சண்டை, வேகமாக ஓடிக் கடக்கும் ஒரு நீண்ட தூரம். தொடங்கும் இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து போகலாம்.

செட்டிங்ஸ் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றும், ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரெண்டரரை மாற்றும்போது சில கேம்கள் அப்ஸ்கேலிங்கை, ரே டிரேசிங்கை, நிழல்களைத் தானாகவே மாற்றிவிடும். தி விட்சர் 3-ன் 2022 டிசம்பர் அப்டேட்டில் ரே டிரேசிங் டைரக்ட்எக்ஸ் 12 பக்கம் மட்டும்தான் உண்டு. அதை ஆன் செய்துவைத்துவிட்டு பதினொன்றோடு ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ரெண்டரரை அல்ல, ரே டிரேசிங் இருப்பதையும் இல்லாததையும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் செட்டிங்ஸ் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ரெண்டரரை மாற்றும் இடம் கேமின் மெனுவிலோ லாஞ்சரிலோ இருக்கும். பல்டர்ஸ் கேட் 3 வல்கனா டைரக்ட்எக்ஸ் 11-ஆ என்று லாஞ்சரிலேயே கேட்கும், பாத் ஆஃப் எக்ஸைல் மூன்றையும் கேமுக்குள்ளேயே கொடுக்கிறது. எங்கும் இல்லையென்றால் ஸ்டீமில் கேமின் Properties-க்குப் போய் Launch Options பெட்டியில் எழுதலாம். அன்ரியல் எஞ்சின் கேம்களுக்கு இவற்றில் ஒன்று:

```
-dx11
-dx12
-vulkan
```

யூனிட்டி கேம்களுக்கு:

```
-force-d3d11
-force-d3d12
-force-vulkan
```

கேமை உருவாக்கியவர் அந்த ரெண்டரரையும் சேர்த்து வெளியிட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். சேர்க்காவிட்டால் கேம் அதைக் கண்டுகொள்ளாது, அல்லது திறக்கவே திறக்காது. திறக்காவிட்டால் பயப்பட வேண்டாம், எழுதியதை அழித்தால் பழையபடி வந்துவிடும்.

மாற்றிய பிறகு கேமை முழுசாக மூடித் திறங்கள். பிறகு மெயின் மெனுவில் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். பிராசசரின் எல்லாக் கோர்களும் உச்சத்தில் இருந்தால் பின்னணியில் ஷேடர் கம்பைல் ஆகிறது என்று அர்த்தம், அது தணிந்த பிறகு உள்ளே போங்கள். அந்தப் பட்டையை அவசரப்பட்டு ஸ்கிப் செய்துவிட்டு உள்ளே ஓடி "இந்த ரெண்டரர் சரியில்லை" என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

இரண்டு சுற்று, அப்புறம்தான் தீர்ப்பு

ஒவ்வொரு ரெண்டரரிலும் அந்தப் பாதையை இரண்டு முறை ஓடுங்கள். கோடு எங்கெங்கே குத்துகிறது என்று இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட இடம் முக்கியம்.

முதல் சுற்றில் குத்தி, இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் காணாமல் போனால் அது ஷேடர் கம்பைல். புதிய மந்திரம், புதிய ஆயுதம், புதிய பகுதி என்று எதையாவது முதன்முறை பார்க்கும்போதுதான் வரும். இதற்கு இரண்டு வழி. கேம் நீளமானது, ஒரே வரைபடங்களில் மறுபடி மறுபடி ஆடுவது என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஓரிரு நாளில் கேஷ் நிரம்பித் தானாகவே சரியாகிவிடும். கதையோடு போகிற கேம் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் புதிய இடம், எனவே கேஷ் உங்களுக்கு உதவப்போவதில்லை, அதில் பதினொன்றுக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

இரண்டு சுற்றிலும் ஒரே இடத்தில், அதுவும் எல்லா ரெண்டரரிலும் குத்தினால் அது ரெண்டரர் விஷயமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் நுழையும் எல்லையில் எஞ்சின் புதிய நிலப்பரப்பை ஏற்றுகிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் கேம் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள். ஏற்கனவே எஸ்எஸ்டி என்றால் பேட்சுக்காகக் காத்திருப்பதைத் தவிர நம் பக்கம் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. மூன்று ரெண்டரரையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வார இறுதியை வீணாக்காமல் இருக்கலாம் என்பதே இந்தச் சோதனையின் லாபம்.

ஊசியாகக் குத்தாமல், கூட்டத்துக்குள் போனதும் கோடு முழுக்க உயர்ந்து, வெளியே வந்ததும் இறங்கினால் பிராசசர் தடை. அடையாளம்: கார்டின் பயன்பாடு விழுந்திருக்கும், ஒரு கோர் நிரம்பியிருக்கும். பதினொன்றில் இது வந்தால் பன்னிரண்டும் வல்கனும்தான் மருந்து. கார்டைப் பொறுத்தும் இது மாறும். என்விடியாவின் டைரக்ட்எக்ஸ் 11 டிரைவர் வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துக்கொள்வதில் நெடுங்காலமாகவே தேர்ந்தது. ஏஎம்டி பக்கம் பதினொன்று பிராசசரை அதிகம் தின்றது, 2022-ல் வந்த டிரைவர்களில்தான் அது கணிசமாக மேம்பட்டது. அதே 2022-ல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள் பன்னிரண்டையும் வல்கனையும் மனதில் வைத்து வந்தவை, பதினொன்றிலும் அதற்கு முந்தையவற்றிலும் தொடக்கத்தில் தடுமாறின, டிரைவர் அப்டேட்டுகளில் நிறையச் சரியாகியிருக்கின்றன. எனவே ஆர்க் இருந்தால் பன்னிரண்டிலோ வல்கனிலோ சோதனையைத் தொடங்குங்கள்.

கடைசி வகை, சட்டென்று திரும்பிப் பார்க்கும்போது வரும் குத்தல். கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்து, டெக்ஸ்சர்கள் கணினியின் சாதாரண ரேமுக்குத் தள்ளப்பட்டு, தேவைப்படும்போது மெதுவான பாதையில் திரும்பி வருவதால் வருவது இது. டாஸ்க் மேனேஜரின் Performance பகுதியில் கார்டைத் தேர்ந்தெடுத்தால் Dedicated GPU memory என்றும் Shared GPU memory என்றும் இரண்டு இருக்கும். முதலாவது உச்சத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே இல்லை. பதினொன்றில் இந்த நெருக்கடியை டிரைவரும் விண்டோஸும் ஓரளவு சமாளிக்கும். பன்னிரண்டிலும் வல்கனிலும் கேம்தான் தன் வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலி பலமாகத் தெரியும். 4 ஜிபி, 6 ஜிபி கார்டு வைத்திருப்பவர்களுக்கு "பன்னிரண்டு போட்டாலே திணறுது" என்று தோன்றுவதற்கு இதுதான் பல நேரம் காரணம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள், ரெண்டரரைக் குறை சொல்வது அதன் பிறகு.

ஒரு கணினியில் முழுசாகச் செய்து பார்ப்போம்

ஆறு கோர் பிராசசர், 6 ஜிபி கார்டு, 16 ஜிபி ரேம், 60 ஹெர்ட்ஸ் திரை, மூன்று ரெண்டரரும் உள்ள ஒரு கேம் என்று வைத்துக்கொள்வோம். கேம் தானாகவே பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, ஆடுபவர் ஸ்டட்டர் என்கிறார்.

பன்னிரண்டில் முதல் சுற்று: கோடு பெரும்பாலும் 14 மில்லிசெகண்டில் தட்டையாக இருக்கிறது. சண்டையில் ஒவ்வொரு புதிய விளைவுக்கும் 60 முதல் 120 வரை குத்துகிறது. சந்தையில் நின்று பின்னால் திரும்பினால் இன்னொரு குத்தல். இரண்டாவது சுற்றில் சண்டைக் குத்தல்கள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன, சந்தையில் திரும்பும்போது வருவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக இங்கே இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் ஆடுபவர் "ஸ்டட்டர்" என்று ஒரே பெயரில் சொல்லியிருக்கிறார்.

பதினொன்றுக்கு மாறினால் சண்டை முதல் சுற்றிலேயே சுத்தம். திரும்பும்போது லேசான தடுக்கல் மட்டும். ஆனால் சந்தைக்குள் நுழைந்ததும் கோடு 25-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது, அதாவது 40 எஃப்பிஎஸ். கார்டு முக்கால்வாசி கூட வேலை செய்யவில்லை, ஒரு கோர் மட்டும் நிரம்பியிருக்கிறது. இது செட்டிங்ஸைக் குறைத்துத் தீர்க்கக் கடினமான பிரச்சினை.

வல்கனில் சந்தை 15, சண்டையில் முதல் சுற்றில் குத்தல், இரண்டாவதில் இல்லை. திரும்பும்போது வரும் குத்தல் இங்கேயும் இருக்கிறது. மூன்று ரெண்டரரிலும் அது ஏதோ ஓர் அளவில் தலைகாட்டுவதால் நினைவகத்தைச் சந்தேகிக்கிறோம், டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 6 ஜிபியும் நிரம்பி Shared ஏறிக்கொண்டிருக்கிறது. டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கி மறுபடி ஓடினால் மூன்றிலும் அந்தக் குத்தல் போய்விடுகிறது.

இப்போது மிச்சம் என்ன? பதினொன்று சந்தையில் தோற்கிறது, அதற்கு மாற்று வழி இல்லை. பன்னிரண்டும் வல்கனும் முதல் சுற்றில் மட்டும் குத்துகின்றன, அதற்குக் கேஷ் இருக்கிறது. ஒரே வரைபடங்களில் ஆடும் கேம் இது என்பதால் இரண்டில் ஒன்று. எந்த ஒன்று என்பதை இனி ஸ்டட்டர் தீர்மானிக்காது, மற்ற வசதிகள் தீர்மானிக்கும். விண்டோஸின் ஆட்டோ எச்டிஆர் டைரக்ட்எக்ஸ் 11, 12 கேம்களுக்குத்தான், வல்கனுக்கு இல்லை. ரே டிரேசிங், ஃபிரேம் ஜெனரேஷன் போன்றவற்றைக் கேம் எந்த ரெண்டரரில் கொடுத்திருக்கிறது என்று மெனுவில் பாருங்கள். வேறு விண்டோவுக்குத் தாவித் திரும்பும்போது எது கிராஷ் ஆகாமல் இருக்கிறது என்பதையும் பாருங்கள், நாள்தோறும் ஆடுபவருக்கு இது ஒன்றிரண்டு ஃபிரேம் வித்தியாசத்தைவிட முக்கியம். இந்த ஆடுபவரிடம் எச்டிஆர் திரை இல்லை, அவர் வல்கனையே வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

கேஷை அழிக்காதீர்கள்

"ஸ்டட்டர் வந்தால் ஷேடர் கேஷை அழி" என்ற அறிவுரை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கேஷ் கெட்டுப்போய் கேம் கிராஷ் ஆகிறது, படம் கோணலாக வருகிறது என்றால் அழிக்கலாம். ஸ்டட்டருக்காக அழித்தால், பொறுமையாகச் சேர்த்துவைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு முதல் சுற்றுக்கே திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். டிரைவர் அப்டேட் செய்தாலும் பழைய கேஷ் பெரும்பாலும் செல்லாமல் போகும். நேற்றுவரை நன்றாக ஓடிய கேம் அப்டேட்டுக்குப் பிறகு திணறினால், புதிய டிரைவரைத் திட்டி ரெண்டரரை மாற்றும் முன் அதே பாதையை இரண்டு முறை ஓடிவிடுங்கள்.

என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் Shader Cache Size என்று ஒன்று இருக்கிறது, டிஸ்கில் இடம் இருந்தால் அதை 10 ஜிபிக்கோ அதற்கு மேலோ வையுங்கள். பெரிய கேம்கள் பல நிறுவியிருப்பவர்களுக்கு, ஒன்றின் கேஷ் இன்னொன்றின் கேஷை வெளியே தள்ளாமல் இருக்க இது உதவும்.

லினக்ஸிலும் ஸ்டீம் டெக்கிலும் கணக்கு வேறு. அங்கே விண்டோஸ் கேமை புரோட்டான் வழியாக ஓட்டும்போது பதினொன்றை டிஎக்ஸ்விகே-யும், பன்னிரண்டை விகேடி3டி-புரோட்டான் என்பதும் வல்கனாக மாற்றுகின்றன, ஆக எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் கார்டிடம் போய்ச் சேர்வது வல்கன்தான். கேமிலேயே வல்கன் இருந்தால் நடுவில் மொழிபெயர்ப்பு இல்லாமல் போகும் என்பதால் முதலில் அதைச் சோதியுங்கள், ஆனால் கேமின் வல்கன் பக்கம் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால் பதினொன்று டிஎக்ஸ்விகே வழியாக அதைவிட நன்றாக ஓடுவதும் உண்டு. டெக்கில் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே ஹார்டுவேர் என்பதால் ஸ்டீம் முன்கூட்டியே கம்பைல் ஆன ஷேடர்களை டவுன்லோடாகவே அனுப்பிவைக்கும். கேமைத் திறக்கும் முன் வரும் அந்தச் சின்ன டவுன்லோடை நிறுத்தாமல் விடுங்கள், முதல் சுற்றின் குத்தல்களில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.